டெஸ்டர் கத்தினால் வைரமா? சில குறிப்புகள்

சித்தப்பா ஒரு கல்லைக் கொண்டுவந்தார். மகனுக்கு நிச்சயதார்த்த மோதிரம் செய்ய, தெரிந்த ஒருவர் மூலம் வாங்கிய ஒற்றைக் கல். பதிக்கக் கொடுப்பதற்கு முன் பார்த்துச் சொல் என்றார். விற்றவர் டெஸ்டரை வைத்துக் காட்டினாராம், எல்லா விளக்கும் எரிந்து சத்தமும் வந்ததாம். "கத்துச்சுப்பா, நானே காதால கேட்டேன். அதுக்கு மேல என்ன வேணும்?"

அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். அந்தக் கல்லையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

*

வைர டெஸ்டர் என்று கடைகளில் புழங்கும் பேனா வடிவக் கருவி, கல்லின் வெப்பக் கடத்தலை மட்டுமே பார்க்கிறது. செம்பால் ஆன மெல்லிய நுனி. அதற்குப் பின்னால் இரண்டு சிறிய வெப்ப உணரிகள். ஒன்று நுனியைச் சூடாக வைத்திருக்கும். நுனி கல்லைத் தொட்டதும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று மற்றது பார்க்கும். வெப்பத்தைக் கல் சட்டென்று இழுத்துக்கொண்டால் நுனி குளிரும், விளக்குகள் ஏறும், சத்தம் வரும். இழுக்காவிட்டால் கருவி சும்மா இருக்கும்.

சூடான காப்பியை வெள்ளி டம்ளரில் ஊற்றினால் கை சுடுவதும் பீங்கான் கோப்பையில் அவ்வளவு சுடாததும் இதே கணக்குதான். வைரம் இதில் வெள்ளியையும் மிஞ்சியது. நகைக்கு வரும் வைரங்களின் வெப்பக் கடத்தல் எண் சுமார் 1000 முதல் 2000 வரை. அதே அலகில் செம்புக்குச் சுமார் 400, நீலக்கல்லுக்குச் சுமார் 40. நம் ஊரில் அமெரிக்கன் டைமண்ட், ஏ.டி. கல் என்று சொல்லும் க்யூபிக் சிர்கோனியாவுக்குப் பத்துகூடத் தேறாது. கண்ணாடிக்கு ஒன்று.

1976-ஐ ஒட்டி ஏ.டி. கல் சந்தைக்கு வந்தபோது வியாபாரிகள் திணறினார்கள். அந்த நெருக்கடியில்தான் வெப்ப டெஸ்டர் பிறந்தது. ஒரு பக்கம் ஆயிரம், மறுபக்கம் ஒற்றை இலக்கம். நடுவில் எங்கே கோடு கிழித்தாலும் சரியாகத்தான் இருக்கும். கிட்டத்தட்ட இருபது வருடம் அந்தக் கோடு நன்றாகவே வேலை செய்தது.

*

டெஸ்டரைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்தாலே, விற்பவருக்கு அது தெரிந்த கருவியா, வித்தை காட்டும் சாமானா என்று புரியும்.

முதலில், போட்டவுடன் வைக்கக் கூடாது. தயார் விளக்கு எரியும்வரை அரை நிமிடமாவது நுனி சூடேற வேண்டும். அடுத்து, கல்லின் அளவுக்கும் அறையின் வெப்பத்துக்கும் ஏற்ப ஆரம்ப விளக்குகளைத் திருகி வைக்க வேண்டும். பெரும்பாலான பேனாக்களின் உடம்பிலேயே இதற்கான சின்ன அட்டவணை ஒட்டியிருக்கும். சென்னைச் சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் பார்ப்பதும் குளிர்பதன அறையில் பார்ப்பதும் ஒன்றல்ல. சின்னக் கல்லுக்கு வேண்டிய அமைப்பைப் பெரிய கல்லுக்கு வைத்தால், வைரம் அல்லாததும் மேலே ஏறிவிடும்.

பிறகு நுனியைக் கல்லின் மேல்பட்டைக்கு நேர்செங்குத்தாக வைத்து மெல்ல அழுத்த வேண்டும். சாய்த்து வைத்தால் தொடும் இடம் குறைந்து அளவும் இறங்கும். நுனி நழுவிப் பக்கத்துத் தங்கத்தைத் தொட்டால், தங்கமும் நல்ல வெப்பக் கடத்தி என்பதால் அதுவே வைரம்போலக் காட்டும். அதனால்தான் உலோகம் பட்டால் வேறு ஒலி எழுப்பும் வசதி நல்ல கருவிகளில் உண்டு. கருவியின் பின்பக்கத்து உலோகத் தகட்டில் விரல் பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அந்த எச்சரிக்கை வேலை செய்யும். ஆகவே எந்த ஒலி வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருடக்கணக்கில் போட்ட தோட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் படிந்திருக்கும். அதன் மேல் வைத்தால் நிஜ வைரமே தோற்கும். ஒரே கல்லை உடனுக்குடன் நாலு தரம் தொட்டாலும் அப்படித்தான். கல் சூடாகியிருக்கும், குறிப்பாக இரண்டு மூன்று சென்ட் கல்லாக இருந்தால். துடைத்து, ஆறவிட்டு, திரும்பப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தாலும் பதில் தவறும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் கருவி கத்தவில்லை என்றால், அந்தக் கல் வைரம் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். டெஸ்டரின் பலம் இந்த மறுப்பில்தான் இருக்கிறது. அது "ஆமாம்" என்றால் அவ்வளவு பலம் கிடையாது.

*

காரணம், மாய்சனைட். அதைத் தொட்டாலும் டெஸ்டர் கத்தும்.

1893-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி மாய்சான், அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் விழுந்த கான்யன் டியாப்ளோவிலிருந்து வந்த துண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்த சின்னஞ்சிறு படிகங்கள் சிலிக்கனும் கரியும் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு என்று பிற்பாடு தெளிந்தது. 1905-இல் அவர் பெயரையே அந்தக் கனிமத்துக்கு வைத்தார்கள். இயற்கையில் அது மிக மிக அரிது. நகைக்கு வரும் மாய்சனைட் முழுவதும் உலையில் வளர்த்தது. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஒரு நிறுவனம் காப்புரிமையோடு அதை விற்கத் தொடங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல இடங்களிலும் வளர்க்க ஆரம்பித்தார்கள், விலை மளமளவென்று இறங்கியது. இன்று கைப்பேசியில் தேடினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

வெப்பம் அதில் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது. லேசான அணு, விறைப்பான பிணைப்பு, ஒழுங்கு கலையாத அடுக்கு. ஓரிடத்தில் எழும் அதிர்வு சிதறாமல் தூரம்வரை போகும், வெப்பம் என்பது அந்த அதிர்வுதான். மாய்சனைட்டிலும் இதே நான்கு கைப் பிணைப்பு. கரிக்கு அடுத்து சிலிக்கன், சிலிக்கனுக்கு அடுத்து கரி என்று மாறி மாறி இருக்கும். சிலிக்கன் கொஞ்சம் கனமான அணு, அதனால் வேகம் குறையும். குறைந்தும் 200 முதல் 500 வரை நிற்கிறது. ஏ.டி. கல்லில் கனமான சிர்கோனியம் அணுக்களும், அடுக்கில் ஆங்காங்கே காலி இடங்களும் இருப்பதால் அதிர்வு உடனே சிதறிவிடும்.

ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் வித்தியாசம் இருக்கிறதே, கருவி அதைப் பிடிக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். நுனியே செம்பு, அதன் எண்ணே 400. கல்லும் நுனியும் தொடும் இடம் ஒரு புள்ளி. கல் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அந்தப் புள்ளி வழியாகத்தான் வெப்பம் போக வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் கல்லின் வேகம் தெரியாது, நுனியின் நெருக்கடிதான் தெரியும். போதாததற்கு, தங்கத்தில் பதித்த 5 சென்ட் வைரம் காட்டும் அளவு, பெரிய மாய்சனைட் காட்டும் அளவைவிடக் குறைந்துகூடப் போகலாம். ஆகவே கோட்டை இன்னும் மேலே தள்ளினால் நிஜ வைரங்களை இழக்க நேரிடும்.

சித்தப்பாவின் கல்லும் என் டெஸ்டரில் முழு அளவுக்குக் கத்தியது. விற்றவர் காட்டிய காட்சியில் பொய் இல்லை. அந்தக் காட்சிக்குக் கொடுத்த அர்த்தத்தில்தான் பொய் இருந்தது.

*

வெப்பத்தோடு மின்சாரத்தையும் பார்க்கும் இரட்டை டெஸ்டர்கள் இப்போது கிடைக்கின்றன. மாய்சனைட் ஒரு குறைக்கடத்தி, கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண வைரம் கடத்தாது. வெப்பத்தில் தேறி, மின்சாரமும் கடந்தால் கருவி மாய்சனைட் என்று காட்டும்.

உபயோகமான கருவிதான், வெப்ப டெஸ்டரைவிட ஒரு படி மேல். ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. வளர்க்கும் முறையைப் பொறுத்து மாய்சனைட்டின் மின் கடத்தல் மிகவும் மாறும். நிறமே தெரியாத அளவுக்குத் தூய்மையாக வளர்த்த சிலவற்றில் மின்சாரம் அவ்வளவு பலவீனமாக ஓடுவதால் கருவி வைரம் என்றே சொல்லிவிடும். மறுபக்கம், போரான் கலந்த வைரம் மின்சாரம் கடத்தும். இயற்கையில் நீல வைரங்கள் பலவும் இப்படி. உயர் அழுத்த உலையில் வளர்த்த சில வெள்ளை வைரங்களிலும் துளி போரான் இருக்கும். அவற்றை இந்தக் கருவி மாய்சனைட் என்று சொல்லக்கூடும்.

*

கருவியை வைத்துவிட்டுப் பத்து மடங்கு லூப்பை எடுத்தேன். மாய்சனைட்டைப் பிடிக்க அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

வைரத்துக்குள் நுழையும் ஒளி ஒரே கதிராகப் போகும், ஏ.டி. கல்லிலும் அப்படித்தான். மாய்சனைட்டில் ஒளி இரண்டாகப் பிரியும். அதனால் கல்லுக்குள்ளே தெரியும் கோடுகள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். இதை மறைக்கப் பட்டை தீட்டுபவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒளி பிரியாத திசை ஒன்று அந்தப் படிகத்தில் உண்டு. மேல்பட்டை அந்தத் திசைக்குச் செங்குத்தாக அமையும்படி வெட்டிவிடுவார்கள். நேர் மேலிருந்து பார்த்தால் வைரம்போலவே சுத்தமாக இருக்கும்.

ஆகவே சாய்க்க வேண்டும். கல்லை இடுக்கியால் பிடித்து, நல்ல வெளிச்சத்தில், மேல்பட்டைக்குப் பக்கத்திலிருக்கும் சாய்ந்த பட்டை ஒன்றின் வழியாக எதிர்ப்புறத்துக் கீழ்ப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். கவனத்தைக் கல்லின் பரப்பில் நிறுத்தாமல் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சித்தப்பாவின் கல்லைச் சாய்த்ததும், கீழே கூர்முனையில் கூடும் விளிம்புகள் ஒவ்வொன்றும் பக்கத்தில் இன்னொரு விளிம்போடு ஜோடியாக நின்றன. கூர்முனையே இரண்டாக இருந்தது. திரும்ப நேராக்கினால் ஒன்றாகிவிடும், சாய்த்தால் பிரியும். அவரையும் பார்க்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவரச் சொன்னதும் அவருக்கும் தெரிந்தது.

இன்னும் சில அடையாளங்களும் இருந்தன. மேல்பட்டைக்குச் செங்குத்தாக, ஒரே திசையில் இறங்கும் மெல்லிய வெள்ளை ஊசிக் கோடுகள் இரண்டு மூன்று உள்ளே தெரிந்தன. மாய்சனைட்டில் அடிக்கடி காணும் குறை அது. விளக்கின் கீழ் அசைத்தால் சிவப்பும் பச்சையுமாக வானவில் நிறம் அளவுக்கு மீறித் தெறித்தது. மாய்சனைட் நிறம் பிரிக்கும் திறன் வைரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

லூப்புக்கும் எல்லை உண்டு. கோடுகள் எவ்வளவு விலகித் தெரியும் என்பது கல்லின் ஆழத்தைப் பொறுத்தது. ஒற்றைக் கல் மோதிரத்தில் பளிச்சென்று தெரிவது, தோட்டைச் சுற்றிப் பதிக்கும் பொடிக் கற்களில் பழகிய கண்ணுக்கும் சிரமம்.

*

கல் பதிக்காமல் தனியாக இருந்ததால் எடையும் பார்க்க முடிந்தது. இது எவரும் செய்யக்கூடிய கணக்கு.

வட்ட வைரத்துக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்கினால் எடை காரட்டில் வரும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். இந்தக் கல்லின் விட்டம் 6.50, உயரம் 4.00.

6.50 × 6.50 × 4.00 × 0.0061 = 1.03

வைரமாக இருந்தால் 1.03 காரட் இருக்க வேண்டும். விற்றவர் தந்த சீட்டிலும் அதைத்தான் எழுதியிருந்தார். தராசில் 0.94 காட்டியது. ஒன்பது சென்ட் குறைவு.

வைரத்தின் அடர்த்தி 3.52, மாய்சனைட்டின் அடர்த்தி 3.22. அதே அளவு மாய்சனைட்டுக்கு 1.03-ஐ 3.22-ஆல் பெருக்கி 3.52-ஆல் வகுக்க, 0.94 வருகிறது. ஏ.டி. கல்லாக இருந்தால் ஒன்றரைக் காரட்டைத் தாண்டியிருக்கும். இடுப்பு விளிம்பு தடித்தோ மெலிந்தோ இருந்தால் இந்தக் கணக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று பிசகலாம், ஒன்பது பிசகாது.

சீட்டில் 1.03 எப்படி வந்தது என்பதற்கும் வழி தெரிகிறது. மாய்சனைட்டை மாய்சனைட் என்றே சொல்லி விற்பவர்கள்கூட, அதே அளவு வைரம் என்ன எடை இருக்குமோ அந்த எண்ணைக் குறிப்பிடுவது வழக்கம். ஈடான வைர எடை என்று அதற்குப் பெயர். அந்த எண்ணை யாரோ அப்படியே சீட்டில் ஏற்றிவிட்டு, முதல் இரண்டு சொற்களை விட்டுவிட்டார்கள்.

*

மாய்சனைட் இல்லை என்று தெரிந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இருக்கிறது.

அது போலி அல்ல. அணுவுக்கு அணு வைரமேதான். வெப்ப டெஸ்டரில் தேறும், பெரும்பாலும் மின்சார டெஸ்டரிலும் தேறும். லூப்பில் கோடு இரட்டிக்காது, எடையும் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் விலையும் மறுவிற்பனை மதிப்பும் இயற்கை வைரத்தைவிட வெகு கீழே. பிரித்துச் சொல்ல நிறமாலைக் கருவிகளும், ஆழமான புற ஊதா ஒளியில் வளர்ச்சிப் படிவங்களைக் காட்டும் கருவிகளும் வேண்டும். கடை மேசையில் முடிகிற காரியம் இல்லை.

இயற்கை வைரத்தின் விலையைக் கொடுக்கிறவர் டெஸ்டர் சத்தத்தை நம்பக் கூடாது என்பதற்கு எனக்கு மாய்சனைட்டைவிடப் பெரிய காரணம் இதுதான். மாய்சனைட்டையாவது லூப் பிடித்துவிடும்.

*

அப்படியானால் எதை நம்புவது?

சுயேச்சையான ஆய்வகத்தின் அறிக்கையை நம்பலாம். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்றவை கல்லை விற்பதில்லை, பார்த்து எழுதிக் கொடுக்கின்றன. கடையே அச்சடித்துத் தரும் உத்தரவாத அட்டை இந்த வகையில் சேராது. அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் காட்டும் கியூ.ஆர். குறியீட்டைத் தொட்டால் அவர் விரும்பிய பக்கத்துக்குக்கூடப் போகலாம். கல் இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்ற வரியை முதலில் படிக்க வேண்டும். தரம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் அறிக்கை சரியாக இருப்பதும், அந்த அறிக்கை கையிலிருக்கும் கல்லுடையதாக இருப்பதும் வேறு வேறு. கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் எண் பொறித்திருப்பார்கள், லூப்பில் படிக்கலாம். அதுவும் முடிவான சாட்சி இல்லை. வேறொரு நல்ல வைரத்தின் அறிக்கை எண்ணை மாய்சனைட்டிலும் ஆய்வக வைரத்திலும் பொய்யாகப் பொறித்து அனுப்பிய சம்பவங்களை ஆய்வகங்களே கண்டிருக்கின்றன. ஆகவே எண்ணோடு நிற்காமல் அளவையும் எடையையும் ஒப்பிட வேண்டும். அறிக்கையில் விட்டமும் உயரமும் மில்லிமீட்டரில் இரண்டு தசமம்வரை இருக்கும், எடை காரட்டில் இருக்கும். ஒரு கல்லின் எண்ணைத் திருடலாம், அதன் அளவும் எடையும் குறைகளின் வரைபடமும் சேர்ந்து இன்னொரு கல்லுக்குப் பொருந்துவது மிகக் கடினம். இதனால்தான் பெரிய கல்லைப் பதிக்கும் முன்னரே வாங்கச் சொல்கிறேன். பின்பக்கம் மூடிக் கட்டிய நகையில் எடை பார்க்க முடியாது, உயரம் அளக்க முடியாது.

ஏழு கல் தோடு, பேசரி என்று சின்னக் கற்கள் வரும் நகைகளில் ஒவ்வொரு கல்லுக்கும் தனி அறிக்கை எதிர்பார்ப்பது நடக்காது. நகை முழுவதுக்குமான ஆய்வக அறிக்கை கிடைக்கும். அதில் எல்லாக் கற்களையும் சோதித்தார்களா, சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தார்களா என்ற குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஹால்மார்க்கை வைத்து வைரத்தை நம்புகிறவர்களையும் பார்க்கிறேன். ஹால்மார்க்கும் எச்.யூ.ஐ.டி. எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும் பொறுப்பு. அதில் பதித்த கல் எதுவாக இருந்தாலும் முத்திரை சரியாகவே இருக்கும்.

கடைசியாக, பில். சித்தப்பாவின் சீட்டில் "கல் 1.03" என்று மட்டும் இருந்தது. எந்தக் கல் என்று எழுதவில்லை. அதனால் திருப்பிக் கேட்கப் போனபோது, வைரம் என்று நான் எங்கே எழுதினேன் என்று விற்றவரால் கேட்க முடிந்தது. கல்லின் பெயர், இயற்கையா வளர்த்ததா, எத்தனை கல், மொத்தம் எத்தனை காரட், அறிக்கை எண், இவை தங்க எடையிலிருந்து பிரித்துத் தனித்தனியாகப் பில்லில் ஏற வேண்டும். ஐ.எஸ்.ஓ. 18323 என்ற சர்வதேசத் தரவிதி, வெறுமனே வைரம் என்றால் இயற்கை வைரம்தான் என்று வரையறுத்திருக்கிறது. ஆனாலும் "இயற்கை வைரம்" என்று முழுதாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். டெஸ்டரைத் தயங்காமல் நீட்டுகிற ஒருவர் இந்த இரண்டு சொல்லை எழுதத் தயங்கினால், பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.